4 பேர் குழம்பை 7 பேருக்குப் பெருக்குவது எப்படி

அடுப்பை அணைத்துவிட்டு நிமிரும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. நாலு பேருக்கு வைத்த பருப்புக் குழம்பு பாத்திரத்தில் இருக்கிறது, சாப்பிடப் போவது ஏழு பேர். கை தானாகவே தண்ணீர்ச் செம்புக்குத்தான் போகும். அந்தச் செம்பைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். சமையலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதனால் ஒவ்வொரு படியையும் அதற்கான காரணத்தோடு சொல்கிறேன்.

ஒரு லிட்டர் குழம்பில் அரை லிட்டர் தண்ணீரை விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உப்பு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் உப்பை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் புளிப்பு, காரம், பருப்பின் கெட்டி, எண்ணெய், தாளித்த வாசம் எல்லாமே அதே அளவுக்கு நீர்த்துப் போயிருக்கும். உப்பு மட்டும் சரியாக இருந்து மற்றதெல்லாம் குறைந்த குழம்பு, வெறும் உப்புத் தண்ணீர் மாதிரிதான் நாக்கில் படும். அதனால் நான் செய்வது இதுதான்: பழைய குழம்பில் கை வைப்பதற்கு முன், குறைகிற அளவுக்கு இன்னொரு சின்னக் குழம்பைத் தனியாகத் தயார் செய்துகொண்டு, கடைசியில் இரண்டையும் ஒன்றாகக் கொதிக்க விடுகிறேன். தண்ணீர் அதற்குள் சேர்ந்தே வந்துவிடும். கேட்கப் பெரிய வேலையாகத் தெரிந்தாலும், சோறு வேகிற நேரத்துக்குள் இது முடிந்துவிடும்.

முதலில் அளவு பாருங்கள்

சோற்றோடு சாப்பிட ஒருவருக்குச் சுமார் 250 மில்லி குழம்பு வேண்டும், அதாவது நிரம்பிய ஒரு டம்ளர். நாலு பேருக்கு ஒரு லிட்டர் இருக்கிறது. ஏழு பேருக்கு ஒன்றே முக்கால் லிட்டர் வேண்டும். ஆக நமக்குக் குறைவது முக்கால் லிட்டர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால்தான் எதை எவ்வளவு போடுவது என்று தெரியும். கண் அளவில் தண்ணீரை விட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ஒரு வரம்பும் உண்டு. இருக்கிற குழம்பில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரைக்கும் கூட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பழையதைப் பெருக்குவதை விட்டுவிட்டு, புதிதாக இன்னொன்று வைப்பதே மேல். பழைய குழம்பின் ருசி தாங்கும் எல்லை அவ்வளவுதான்.

சோற்றுக்கு உலை வையுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுப்பது சோறு, அதனால் முதல் அடுப்பு அதற்கு. ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்றால், கூடுதலாக வந்த மூன்று பேருக்கு 300 கிராம். அரிசி வெந்தால் எடையில் ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்பதால், கைப்பிடி இரண்டு கூடினாலும் சோறு நன்றாகவே மிஞ்சும். ஏற்கெனவே வடித்து வைத்த சோற்றில் தண்ணீர் தெளித்துப் பெருக்கப் பார்க்காதீர்கள். வெந்த சோறு இனி விரியாது, குழைந்துதான் போகும். புதுச் சோற்றைத் தனியாக வடித்து, பழைய சோறு ஆறிப் போயிருந்தால் அதை நன்றாக ஆவி பிடிக்க விட்டு, இரண்டையும் பரிமாறும் பாத்திரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பருப்பும் கிழங்கும், வெறுந்தண்ணீரில்

இரண்டாவது அடுப்பில் பருப்பு. இங்கே பருப்பின் தேர்வு முக்கியம். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம், அந்த அவகாசம் நமக்கு இல்லை. உடைத்த மசூர் பருப்பு கால் மணி நேரத்தில் கரைந்துவிடும், பாசிப்பருப்பு இருபது நிமிடம். கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 70 கிராம் எடுத்து, கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளோடு, உப்பில்லாமல் வேக விடுங்கள். குக்கர் இருந்தால் துவரம்பருப்பையே போடலாம்.

மூன்றாவதாகக் காய். நடுத்தரமான உருளைக்கிழங்கு இரண்டை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு மூடி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அந்த வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். குழம்பில் நாம் சேர்க்கப் போகும் தண்ணீரே அதுதான். அதில் உப்பும் கிழங்கின் மாவுச்சத்தும் ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் எதற்குத் தனித்தனியாக வேக வைக்க வேண்டும், குழம்பிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். கல்யாணமான புதிதில் ஒருநாள், கொதிக்கும் குழம்பில் தண்ணீரை விட்டு, பச்சை உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுவிட்டேன். இருபது நிமிடம் ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று, கரண்டியால் அழுத்தினால் கிழங்கு நழுவி ஓடுகிறதே தவிர நசுங்கவில்லை. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அத்தை உள்ளே வந்து, கரண்டியை என் கையிலிருந்து வாங்கி ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்த்தார். "இது புளிப்புல கிடக்குதும்மா, எப்ப வேகும்? துண்டையெல்லாம் வெளிய எடுத்து வெறுந்தண்ணில போடு" என்றார். எடுத்துப் போட்ட எட்டாவது நிமிடம் கிழங்கு பூவாக மலர்ந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. காயின் செல்களைப் பசை போல ஒட்டி வைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் காய் மெத்தென்று ஆகும். புளியோ தக்காளியோ எலுமிச்சையோ, புளிப்பு இருக்கும் நீரில் அந்தக் கரைதல் மெதுவாகிவிடுகிறது. பருப்புக்கும் இதே கதைதான். அதனால் பச்சையான எதுவும் புளிப்புக் குழம்புக்குள் நேராகப் போகக் கூடாது. வெந்தபின் போகட்டும்.

உருளைக்கிழங்கு இல்லையென்றால் கேரட், பீன்ஸ், முள்ளங்கி எதுவானாலும் சரி. சேனையும் சேப்பங்கிழங்கும் நன்றாகக் கெட்டி கொடுக்கும். சுரைக்காய், பூசணி, வெள்ளரி மாதிரியான நீர்க்காய்களில் மட்டும் கவனம் வேண்டும். அவற்றின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான், வேகும்போது அதைக் குழம்பில் விட்டுவிடும். அப்படிப்பட்ட காயைப் போட்டால், தனியாகச் சேர்க்கும் தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டியில் ஒரு சின்ன மசாலா

பருப்பும் கிழங்கும் வேகிற நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

சின்ன வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காயட்டும். அரைத் தேக்கரண்டி சீரகம் பொரிந்ததும், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்றைப் போட்டு ஓரம் சிவக்கும் வரை வதக்குங்கள். இப்போது தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளும் ஒன்றரைத் தேக்கரண்டி மல்லித்தூளும் சேர்த்துக் கிளறுங்கள். பதினைந்து இருபது விநாடி போதும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்க் கவனியுங்கள். முதலில் தூளின் காய்ந்த மண் போன்ற வாடை வரும், பிறகு சட்டென்று வறுத்த வாசமாக மாறும். அந்த நொடியில் நறுக்கிய தக்காளி ஒன்றையோ இரண்டையோ போட்டுவிடுங்கள். தக்காளியின் ஈரம் தூள் கருகாமல் காப்பாற்றும். கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மின்னினால் மசாலா தயார்.

மிளகாய்த்தூளை நேராகக் கொதிக்கும் குழம்பில் தூவினால் என்ன தவறு? காரமும் மசாலாப் பொருட்களின் வாசமும் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரைகின்றன, தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. தண்ணீரில் தூவிய தூள் மேலே மிதந்து, பச்சை வாடையோடு தொண்டையைப் பிடிக்கும். பத்து நிமிடம் கொதித்தாலும் அந்த வாடை முழுதாகப் போகாது. எண்ணெயில் பொரிந்த தூள், அந்த எண்ணெயோடு சேர்ந்து குழம்பு முழுக்கப் பரவும். இந்த ஒரு வாணலி மசாலாவில் காரம், வாசம், எண்ணெய், புளிப்பு நாலும் ஒரே தடவையில் திரும்பி வந்துவிடுகின்றன. தூளின் அளவு உங்கள் வீட்டுக் காரத்தைப் பொறுத்தது. முதலில் வைத்த குழம்புக்கு எவ்வளவு போட்டீர்களோ அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குழம்பில்

பழைய குழம்பை மிதமான தீயில் சூடாக்குங்கள். அது கொதி வந்தபின், வெந்த பருப்பைக் கரண்டியால் நன்றாக மசித்து ஊற்றுங்கள். அடுத்து கிழங்கு. துண்டுகளில் கால் பங்கைத் தட்டில் மசித்துவிட்டு, மசித்ததையும் மீதித் துண்டுகளையும் சேர்த்துப் போடுங்கள். மசித்த கிழங்கு குழம்பைச் சேர்த்துப் பிடிக்கும், முழுத் துண்டுகள் தட்டில் ஏதோ இருக்கிறது என்ற நிறைவைத் தரும். பிறகு வாணலி மசாலா. கடைசியாக, கிழங்கு வெந்த தண்ணீரைச் சூடாக, ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விட்டு, அளவு ஒன்றே முக்கால் லிட்டருக்கு வரும்வரை கலக்குங்கள்.

தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்பதை விடாதீர்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, மறுபடி கொதி வர நேரமாகும், அதற்குள் ஏற்கெனவே வெந்த காய்கள் குழைந்துபோகும். கெட்டி சரியாக வருகிறதா என்பதையும் கொதிக்கும் குழம்பில்தான் பார்க்க முடியும்.

எல்லாம் சேர்ந்தபின் ஆறேழு நிமிடம் கொதிக்கட்டும். கொதித்ததும் ஒரு தேக்கரண்டிக் குழம்பை எடுத்து, காய்ந்த தட்டில் ஊற்றி, தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். குழம்பு மொத்தமாக, மெதுவாக நகர்ந்தால் சேர்ந்துவிட்டது. பருப்பு ஓரிடத்தில் நிற்க, அதைச் சுற்றி வெளிறிய நீர் தனியாகப் பிரிந்து ஓடினால் இன்னும் சேரவில்லை. அப்படியானால் இன்னும் ஒரு கரண்டி கிழங்கை மசித்துப் போட்டு, மூன்று நிமிடம் கொதிக்க விட்டு மறுபடி பாருங்கள்.

கிழங்கும் பருப்பும் தீர்ந்துவிட்டதென்றால் அரிசி மாவு இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி மாவை நாலு மேசைக்கரண்டி ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் குழம்பைக் கலக்கிக்கொண்டே மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். மாவை நேராகத் தூவினால் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே காய்ந்த மாவோடு உருண்டை உருண்டையாக நிற்கும். ஊற்றியபின் இரண்டு மூன்று நிமிடம் கொதித்தால்தான் அதன் கெட்டி தெரியும். அவசரப்பட்டு இன்னும் ஒரு கரண்டி கரைத்துவிட்டால், பரிமாறும்போது குழம்பு கூழாகிவிடும், ஏனென்றால் ஆற ஆற அது இன்னும் இறுகும். மாவு இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிச் சோற்றைக் குழம்போடு சேர்த்து அரைத்து விட்டாலும் இதே வேலையைச் செய்யும். மாவைவிட எனக்கு இது பிடிக்கும், பச்சை வாடையே இருக்காது.

உப்பும் புளிப்பும் கடைசியில்

உப்பைக் கொதித்து முடிந்தபின்தான் பார்க்க வேண்டும். முதலிலேயே சரிபார்த்துப் போட்டுவிட்டால், கொதித்துச் சுண்டும்போது உப்பு ஏறிவிடும். கணக்கு எளிது. சராசரியாகக் குழம்பின் எடையில் நூற்றில் ஒரு பங்கு உப்பு இருந்தால் நாக்குக்குச் சரியாகப் படும். நாம் கூட்டியது முக்கால் லிட்டர், அதற்கு ஏழு கிராம் அளவுக்கு வேண்டும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி தலைதட்டினால் சுமார் ஆறு கிராம். கிழங்குத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி ஏற்கெனவே போட்டுவிட்டோம். ஆக இப்போது அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு ருசி பாருங்கள். பிறகு வேண்டுமானால் ஒரு சிட்டிகை. கல் உப்பு போடுகிறவர்கள் கரையும்வரை காத்திருந்து ருசி பார்க்க வேண்டும்.

உப்புச் சரியாக இருந்தும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தால், பெரும்பாலும் அது புளிப்பாகத்தான் இருக்கும். இங்கே புதியவர்கள் தவறுவது மேலும் உப்பைப் போட்டுத்தான். அரைமூடி எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள், அல்லது ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலை விட்டு இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். புளிப்பு மிஞ்சிப் போனால் சிறு துண்டு வெல்லம் அதை அடக்கும்.

உப்பு ஏறிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்று சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுப்பதில்லை, உப்புத் தண்ணீரை அப்படியே உள்ளே இழுக்கிறது. மீதியிருக்கும் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத பருப்பையோ கிழங்கையோ மசித்துக் கலந்து, மொத்த அளவைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. அதனால்தான் பருப்பை உப்பில்லாமல் வேக வைக்கச் சொன்னேன். அந்தக் கடைசித் திருத்தத்துக்கு அதில் ஒரு கரண்டி ஒதுக்கி வைத்திருந்தால் நல்லது.

அடுப்பை அணைத்ததும் கொத்தமல்லி, கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டை நெய்யிலோ எண்ணெயிலோ பொரித்தது, இதில் ஏதாவது ஒன்றை மேலே போட்டு மூடிவிடுங்கள். முன்பு தாளித்த வாசம் இரண்டாவது கொதியில் பாதி பறந்து போயிருக்கும்.

வேறு வகைக் குழம்பாக இருந்தால்

தயிரோ தேங்காய்ப்பாலோ சேர்த்த குழம்புக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அவற்றை மறுபடி தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துபோகும். மசாலா, வெந்த காய், காய் வெந்த தண்ணீர் மூன்றையும் வேறு பாத்திரத்தில் முழுதாகக் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, பழைய குழம்பை அதில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டி நன்றாக ஆவி பறக்கும்வரை மட்டும் சூடாக்குங்கள்.

கறிக்குழம்பில் தட்டுப்பாடு துண்டுகளில்தான். பெரிய துண்டுகளைக் கத்தியால் இரண்டாக்கி, வெந்த உருளைக்கிழங்கைத் துண்டு அளவுக்கே நறுக்கிச் சேர்த்துவிடுங்கள். பொரியல் என்றால் முட்டைக்கோஸோ கேரட்டோ துருவி, தனி வாணலியில் ஈரம் வற்றும்வரை வதக்கி, பிறகு கலக்க வேண்டும். ஈரத்தோடு கலந்தால் இரண்டுமே சொதசொதவென்று ஆகிவிடும். கலந்த சாதத்தில் வெறும் சோறு நாலில் ஒரு பங்குவரை தாங்கும். அதையும் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் பிசிறி, ஆறவிட்டுக் கலக்க வேண்டும். வறுவலைப் பெருக்க வழியில்லை, எண்ணிப் பங்கு வையுங்கள்.

பரிமாறும்போது

மூடி வைத்த குழம்பை ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு, ஒவ்வொரு தடவை எடுப்பதற்கு முன்பும் கரண்டியை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பெருக்கிய குழம்பில் பருப்பும் மசித்த கிழங்கும் சீக்கிரம் அடியில் தங்கும். கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெளிவும் கடைசியில் உட்காருபவர்களுக்கு அடிக்கசண்டும் போகும். இரண்டாவது பந்திக்குள் குழம்பு இறுகியிருந்தால், கால் டம்ளர் கொதிநீர் விட்டு ஒரு கொதி வர வைத்து, உப்பை மறுபடி ஒருதடவை பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.